நீண்ட பத்தியை ஒரே வாக்கியத்தில் சொல்வது: ஒரு கரையோரப் பத்தியை வைத்து

கேள்வி: "திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்காக ஓர் அறிக்கை தயாரிக்கிறேன். ஒவ்வொரு பத்தியையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கி முதல் பக்கத்தில் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சுருக்கினால், ஒன்று எல்லாவற்றையும் திணித்த நீண்ட வாக்கியமாகிவிடுகிறது, இல்லையென்றால் எதையுமே சொல்லாத வாக்கியமாகிவிடுகிறது. முக்கியக் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு விவரங்களை விடுவது எப்படி?"

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. பத்தி எதை நிலைநாட்ட வருகிறது என்று முடிவு செய்வதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். முடிவு செய்யாதபோது எதை விட்டாலும் தவறாகிவிடுமோ என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் சேர்க்கிறோம். அது மிகைபடக் கூறல். அப்படிச் சேர்த்தது பிடிக்காமல் போனால் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு பொது வாக்கியத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறோம். அது குன்றக் கூறல். நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் பல ஆண்டுகள் பிறர் எழுதியதைச் சுருக்குவதே என் வேலையாக இருந்தது. இப்போது தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இதையே சொல்லித் தருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் பழக்கம் மட்டுமே ஆனதையும் அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். ஒரு பத்திக்குப் பொருள் என்று ஒன்று உண்டு, கருத்து என்று ஒன்று உண்டு. பொருள் என்பது அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பது. கருத்து என்பது அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது. "இப்பத்தி வடசென்னையின் கடலரிப்பைப் பற்றி விளக்குகிறது" என்று எழுதினால் பொருளைச் சொல்லிவிட்டீர்கள், கருத்தைத் தொடவே இல்லை. இரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனை உண்டு. நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருவர் "இல்லை, அப்படியல்ல" என்று மறுக்க முடியுமா என்று பாருங்கள். மறுக்க முடிந்தால் அதில் ஒரு கருத்து இருக்கிறது. மறுப்பதற்கே ஒன்றும் இல்லை என்றால் நீங்கள் எழுதியது தலைப்பு. எதையும் சொல்லாத வாக்கியம் என்று நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். பற்றி, குறித்து, விளக்குகிறது, எடுத்துரைக்கிறது போன்ற சொற்கள் உங்கள் சுருக்கத்தில் தென்பட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

இனி ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்பதே நல்லது. உங்கள் ஊருக்கு நெருக்கமான பொருளாக இருக்கட்டும் என்று, வகுப்பில் பயிற்சிக்காக நான் எழுதி வைத்திருக்கும் பத்தியைத் தருகிறேன்.

"இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையில் கடல் ஊரை நோக்கி நகர்ந்து வந்திருப்பதைப் பெரியவர்கள் பலரும் நேரில் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெரும் புயலின்போதும் கரையோர வீடுகளும் சாலையோரமும் சேதமடைவதால், புயலே இதற்குக் காரணம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் புயல் அள்ளிச் செல்லும் மணலில் ஒரு பகுதியை அமைதியான மாதங்களின் அலைகள் கரைக்குத் திரும்பக் கொண்டுவருவது வழக்கம்; இங்கே கரை அப்படி மீளவில்லை. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்தக் கரையோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த நகர்வை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமாயிற்று; வடக்கே மணல் வரத்து குறைந்து கரை தேய்ந்தது. பிற்காலத்தில் கடலுக்குள் நீளும்படி கல்லால் அமைக்கப்பட்ட தூண்டில் வளைவுகள் தாம் இருக்கும் இடத்தைக் காத்தாலும், தமக்கு வடக்கே உள்ள கரைக்குப் போகும் மணலைக் குறைக்கக்கூடும். எனவே மணல் வரத்தைக் கணக்கில் கொள்ளாமல் கல்லை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால், அரிப்பு இடம் மாறுமே தவிர நிற்காது."

எட்டு வாக்கியங்கள். இவற்றில் எது முக்கியம் என்று கேட்டால் விடை வராது. எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த வாக்கியம் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது? ஒவ்வொன்றையும் எடுத்து, "இதை ஏன் இங்கே சொல்கிறார்?" என்று கேளுங்கள். முதல் வாக்கியம் நிலைமையைச் சொல்கிறது. அது களம் மட்டுமே. இரண்டாவது, எழுதியவரின் கருத்தே அல்ல; மறுப்பதற்காக அவர் முன்வைக்கும் பிறர் நம்பிக்கை. மூன்றாவது அதை மறுக்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து உண்மைக் காரணத்தைச் சொல்கின்றன. ஆறாவது அந்தக் காரணம் மெய்தான் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று. ஏழாவது, இதுவரை செய்த தீர்வுகளிலும் அதே காரணம் வேலை செய்வதைக் காட்டுகிறது. எட்டாவது இவையனைத்திலிருந்தும் பெறப்படும் முடிவு. மூன்று முதல் ஏழு வரை உள்ளவை அந்த எட்டாவதைத் தாங்கி நிற்கின்றன. எட்டாவது எதையும் தாங்கவில்லை. ஆகவே பத்தியின் கருத்து அங்கேதான் இருக்கிறது.

இப்படிப் பார்க்கும்போது இணைப்புச் சொற்கள் பெரிதும் கைகொடுக்கும். "என்று பொதுவாக நம்பப்படுகிறது" என்று ஒரு வாக்கியம் முடிந்து, அடுத்தது "ஆனால்" என்று தொடங்கினால், முன்னது பெரும்பாலும் கழிக்க வேண்டியது. "எனவே", "ஆகையால்" என்பவை முடிவைக் காட்டுபவை. எனினும் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழக்கத்துக்காக "எனவே" போடுபவர்கள் உண்டு. கருத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சிறு விளைவை "எனவே" என்று தொடங்கி முடிப்பவர்களும் உண்டு. தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்ற கேள்விதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எட்டாவது வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்துவிடலாமா? முடியாது. "மணல் வரத்தைக் கணக்கில் கொள்ளாமல்" என்பது பத்தியைப் படிக்காதவருக்குப் புரியாது. எந்த மணல், எங்கிருந்து வருவது, எந்தக் கரை என்று அவர் கேட்பார். சுருக்கம் தனித்து நிற்க வேண்டியது. உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கப் போகிற அலுவலருக்கும் அது புரிய வேண்டும். ஆகவே முடிவோடு, அது வெறும் அபிப்பிராயமாகத் தோன்றாமல் இருக்கத் தேவையான ஒரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். ஒன்றே ஒன்றைத்தான். இங்கே அந்தக் காரணம் நான்காவது, ஐந்தாவது வாக்கியங்களில் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் இணைத்து, பத்தியில் எங்கும் இல்லாத ஒரு தொடரை நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது.

பழகாதவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 1978இல் வால்டர் கின்ச், டியூன் வான் டைக் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்கள் ஒரு நூற்பகுதியின் சாரத்தை எப்படிப் பெறுகிறார்கள் என்பதை விளக்கும்போது மூன்று செயல்களைக் குறிப்பிட்டார்கள்: வேண்டாததை நீக்குவது, பலவற்றை ஒரு பொதுச் சொல்லில் அடக்குவது, பல செய்திகள் சேர்ந்து உணர்த்தும் ஒன்றைப் புதிதாகக் கட்டுவது. 1983இல் ஆன் பிரவுன், ஜீன் டே இருவரும் பல வயதினரைச் சுருக்கம் எழுதச் செய்து பார்த்தார்கள். நீக்குவது சிறுவர்களுக்கும் கைவந்தது. மூலத்தில் இல்லாத கருத்து வாக்கியத்தைத் தாமே அமைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. என் வகுப்பிலும் அதையே காண்கிறேன். பலர் பத்தியின் மேல் பென்சிலால் அடித்துக்கொண்டே போய், மிஞ்சியதை ஒட்டித் தருகிறார்கள். ஒட்டித் தந்தது சிறியதாக இருக்கும், சுருக்கமாக இருக்காது. அதனால், கருத்தை முடிவு செய்தவுடன் பத்தியைத் திருப்பி வைத்துவிட்டு, பார்க்காமல் எழுதச் சொல்கிறேன். நினைவில் தங்காத விவரங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். மூலத்தின் சொற்றொடர்களும் கையைப் பிடித்து இழுக்காது. இந்த வழி எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு உதவியிருக்கிறது.

வாக்கியத்தை அமைக்கும்போது தமிழுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. நம் மொழியில் எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. அதனால் எட்டு வாக்கியங்களையும் இலக்கணப் பிழையின்றி ஒரே வாக்கியமாக்கிவிட முடியும். ஒரு மாணவர் எழுதியதைப் பாருங்கள்: "1870களில் துறைமுகம் கட்டப்பட்டு, வடக்கே நகரும் மணல் மறிக்கப்பட்டு, மெரினா அகலமாகி, வடக்கே கரை அரிக்கப்பட்டு, புயல்களாலும் சேதம் ஏற்பட்டு, தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன." முற்றுப்புள்ளி ஒன்றுதான், ஆனால் இது ஒரு வாக்கியத்துக்குள் அடைபட்ட ஆறு வாக்கியங்கள். நீளத்தை விடப் பெரிய குறை ஒன்று இதில் உண்டு. தமிழ் வாக்கியத்தின் அழுத்தம் இறுதியில் வரும் முற்றின் மேல் விழும்; எச்சங்கள் அதை நோக்கிச் செல்லும் வழி மட்டுமே. இங்கே முற்று "அமைக்கப்பட்டன". ஆகவே தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டதுதான் பத்தியின் செய்தி என்று ஆகிவிட்டது. மூலத்தில் அது ஒரு துணைச் செய்தி. மேலும், "கட்டப்பட்டு", "மறிக்கப்பட்டு" என்ற அடுக்கில் எது எதற்குக் காரணம் என்பதே மறைந்து, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை போல ஆகிவிடுகின்றன. மூலம் காரணம் சொல்கிறது என்றால் சுருக்கத்திலும் "ஆல்", "ஆகையால்", "என்பதால்" போன்ற ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை பிறக்கிறது: முதலில் முற்றை எழுதுங்கள். பத்தியின் கருத்து எந்த வினையில் முடிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். நம் பத்திக்கு முற்று "நிற்காது". எது நிற்காது? அரிப்பு. எப்போது நிற்காது? கல் மட்டும் கொட்டினால். ஏன்? துறைமுகம் மணலை மறித்ததால் வந்த அரிப்பு என்பதால். இந்த மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கிடைப்பது: "வடசென்னைக் கரையின் அரிப்புக்கு முதன்மைக் காரணம், தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகம் மறித்தது என்பதால், கல் மட்டும் கொட்டினால் அரிப்பு இடம் மாறுமே தவிர நிற்காது." பத்தொன்பது சொற்கள். ஆண்டு போயிற்று, மெரினா போயிற்று, பெரியவர்கள் போனார்கள், தூண்டில் வளைவும் போயிற்று. கருத்து அப்படியே நிற்கிறது. சொல் எண்ணிக்கையைப் பொறுத்தவரை இருபதை ஒட்டி நிறுத்துவது என் பழக்கம், விதி அல்ல. தமிழில் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதலாம் என்பதால் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்புத் தர வேண்டாம்.

மெரினாவை விடுவது பலருக்கு மனம் ஒப்பாதது. பத்தியிலேயே கண்ணில் நிற்கும் செய்தி அதுதான். நினைவில் எளிதாகத் தங்குவதும் கருத்தைத் தாங்குவதும் ஒன்றல்ல என்பதை அங்கே உணர வேண்டும். ஒரு விவரத்தை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பத்தி சொன்னது மாறிவிட்டதா? மாறவில்லை என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் போகலாம்.

எல்லாச் சிறு சொல்லும் விவரம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "முதன்மைக் காரணம்" என்பதில் உள்ள "முதன்மை"யைப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி "வடசென்னைக் கரையரிப்புக்குத் துறைமுகமே காரணம், புயல் அல்ல" என்று எழுதியிருந்தார். எடுப்பான வாக்கியம்தான். "ஏம்மா, புயல்ல சேதமே ஆகலைன்னா சொல்லியிருக்கு?" என்று கேட்டேன். "இல்ல சார், ஆனா அவர் புயலைத் தப்புன்னுதானே சொல்றார்?" என்றார். மூன்றாவது வாக்கியத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். புயல் மணலை அள்ளுவதை எழுதியவர் ஒப்புக்கொள்கிறார். புயலால் போனது மீளாமல் இருப்பதற்குத்தான் வேறு காரணம் சொல்கிறார். மாணவி சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டும் இருக்கு, ஒண்ணு பெரிசு" என்றார். அந்த அளவுதான் மூலம் சொல்வது. "முதன்மை" என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை. ஆனால் அதை விட்டால் பத்தி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

இதே போல, "குறைக்கக்கூடும்" என்று மூலம் ஐயத்தோடு சொன்னதைச் சுருக்கத்தில் "குறைக்கின்றன" என்று உறுதியாக்குவது, "இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை" என்பதைத் "தமிழகக் கரை" என்று விரிப்பது, இன்னார் கூறினார் என்பதை விட்டுவிட்டு உண்மையாகவே நிறுவுவது ஆகியவை சுருக்குவோர் அறியாமல் செய்யும் பிழைகள். எல்லை, ஐயம், யார் சொன்னது ஆகிய மூன்றும் கருத்தின் பகுதிகள். அறிக்கை ஒன்றில், அதுவும் அதிகாரிகளிடம் போகும் அறிக்கையில், இவற்றை இழப்பது வெறும் நடைக்குறை அல்ல. உங்கள் வாக்கியத்தை உள்ளே இருக்கும் பத்தியோடு ஒப்பிட்டு ஒருவர் கேள்வி எழுப்பினால் அறிக்கை முழுவதன் மேலும் நம்பிக்கை போய்விடும்.

எழுதி முடித்தபின் ஒரு சரிபார்ப்புச் செய்யுங்கள். உங்கள் வாக்கியத்தைப் பத்தியின் தலையில் வைத்துவிட்டு, கீழே உள்ள ஒவ்வொரு வாக்கியமும் அதற்கு "ஏன்", "எப்படி", "எதை வைத்து" என்ற கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் சொல்கிறதா என்று பாருங்கள். களம் அமைப்பதும் எதிர்க்கருத்தைச் சொல்வதும் விலக்கு. அவை தவிர இரண்டு மூன்று வாக்கியங்கள் ஒட்டாமல் நின்றால், நீங்கள் பிடித்தது முக்கியக் கருத்து அல்ல, கிளைக்கருத்து. நம் பத்திக்கு "மெரினா துறைமுகத்தால் அகலமானது" என்பதைத் தலையில் வைத்துப் பாருங்கள். புயலும் தூண்டில் வளைவும் கல்லும் அநாதையாக நிற்பது உடனே தெரியும்.

இனி, எனக்கே உறுதியில்லாத இடம். முடிவையும் காரணத்தையும் சேர்த்து எழுதியது சரியா, காரணத்தையே கருத்தாகக் கொண்டு "வடசென்னைக் கரையரிப்புக்கு முதன்மைக் காரணம் புயலை விடத் துறைமுகம் மணலை மறித்ததே" என்று நிறுத்தியிருக்க வேண்டுமா என்பதில் பழகியவர்களே மாறுபடுவார்கள். பத்தியின் பெரும்பகுதி காரணத்துக்கே செலவிடப்பட்டிருக்கிறது. கல் பற்றிய முடிவு கடைசி வரியில்தான் வருகிறது. இடத்தின் அளவை வைத்துப் பார்த்தால் காரணம் வெல்லும். தாங்குவது எது என்று பார்த்தால் முடிவு வெல்லும். நான் முடிவையே ஏற்கிறேன், ஆனால் காரணத்தோடு நிறுத்தியவருக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். உங்கள் சங்கம் தீர்வு கேட்கிறதா, காரணத்தைப் பதிவு செய்ய விரும்புகிறதா என்பது இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவலாம். பத்தியில் இல்லாத மூன்றாவதை, உதாரணமாக இழப்பீட்டுக் கோரிக்கையை, சுருக்கத்தில் நுழைக்க அது இடம் தராது.

எல்லாப் பத்திக்கும் இந்த வேலை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றையொன்று தாங்காத இரண்டு கருத்துகள் ஒரே பத்தியில் சேர்ந்திருந்தால், உதாரணமாகக் குடிநீர்க் குழாய் பற்றியும் குப்பை எடுக்கும் நேரம் பற்றியும் ஒரே பத்தியில் எழுதியிருந்தால், "அடிப்படை வசதிகளில் குறைகள் உள்ளன" என்ற வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் வராது. அங்கே சுருக்கத்தைத் திருத்திப் பயனில்லை. பத்தியை இரண்டாகப் பிரியுங்கள், இரண்டு வாக்கியங்கள் தாமே வரும். மின்தடை அறிவிப்பு போன்றவற்றில் எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி என்பதுதான் கருத்து. அங்கே விவரத்தை விட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. உங்கள் அறிக்கையிலும் அப்படிப்பட்ட பத்திகள் இருக்கும். அவற்றை ஒரே வாக்கியமாக்கும்படி சங்கத்தார் வற்புறுத்தினால், நாளையும் இடத்தையும் வைத்துக்கொண்டு மற்ற விளக்கங்களை விடுங்கள்.